வாடகையை ஏற்றிக் கொடுப்பதா, உள் தெருவுக்குப் போவதா: கடை ஒப்பந்தம் முடிய நாலு மாதம் இருக்கும்போது செய்ய வேண்டியவை

போன வருடம் சேலத்தில் எங்கள் அக்காவின் கடைக்கு இந்தக் கேள்வி வந்தது. முதல் அக்ரஹாரம் பக்கத்துக் குறுக்குத் தெருவில் சின்னக் கடை, பிளவுஸ் தைப்பதும் மேட்சிங் துணி, லைனிங், ஃபால்ஸ் விற்பதும் தொழில். 16,000 கொடுத்துக்கொண்டிருந்த வாடகையை ஓனர் 22,000 கேட்டார், அட்வான்ஸிலும் இன்னும் 40,000 சேர்த்துக் கேட்டார். அதே வாரத்தில் அம்மாபேட்டையில் ஒரு உள் தெருவில் 9,000 ரூபாய்க்கு, இதைவிடக் கொஞ்சம் பெரிய இடமாகவே ஒன்று கிடைத்தது. அக்கா உடனே, "மாசம் 13,000 மிச்சம்டா, இதுல யோசிக்க என்ன இருக்கு" என்றாள். நான் யோசிக்கச் சொன்னதற்குக் காரணம் உண்டு. ஆறு வருடத்துக்கு முன்னால் என் ஸ்டேஷனரி, ஜெராக்ஸ் கடையை ஜங்ஷன் பக்கம் மெயின் ரோட்டிலிருந்து இருநூறு அடி உள்ளே மாற்றினேன். இருநூறு அடிதானே என்று நினைத்தேன், மூன்றே மாதத்தில் வியாபாரம் பாதியாகிவிட்டது. ஜெராக்ஸ் எடுக்க யாரும் தேடிக்கொண்டு வரமாட்டார்கள், கண்ணில் பட்ட கடையில் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

முதல் தடவை ஒப்பந்தம் புதுப்பிக்கப் போகிறவர்களுக்காக, அக்கா கடையில் நாங்கள் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன். தொகைகளில் உங்கள் கடைத் தொகையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு நோட்டு போடுங்கள்

ஓனரிடம் பேசுவதற்கு முன்னால் நாலு வாரம் இதைச் செய்ய வேண்டும். கல்லாப் பக்கத்தில் ஒரு நோட்டு. கடைக்கு வந்து காசு கொடுத்த ஒவ்வொருவரும் தேடி வந்தவரா, போகிற போக்கில் நுழைந்தவரா என்று ஒரு கோடு, பக்கத்தில் எவ்வளவுக்கு வாங்கினார் என்ற தொகை. யாரோ சொல்லி அனுப்பி வந்தவரும் தேடி வந்தவர் கணக்கில்தான் சேர்வார், ஏனென்றால் கடை எங்கே போனாலும் அவர் விசாரித்து வந்துவிடுவார்.

எல்லோரையும் நிறுத்திக் கேட்கத் தேவையில்லை, பார்த்தாலே தெரியும். அக்கா கடையில் பையில் அளவு பிளவுஸ் கொண்டுவருகிற பெண் வீட்டிலிருந்தே கிளம்பி வந்தவர். கையில் ஜவுளிக்கடை கட்டைப்பையோடு, புதுப் புடவையின் மடிப்புகூடக் கலையாமல் "இதுக்கு மேட்சிங் இருக்குங்களா" என்று கேட்கிறவர் போகிற போக்கில் வந்தவர். இரண்டாவது நாளே எங்களுக்கு ஒன்று புரிந்துவிட்டது. தெருவில் போகிற கூட்டம் எல்லாம் அக்காவின் கூட்டம் இல்லை. பக்கத்து ஜவுளிக்கடைகளில் புடவை எடுத்துவிட்டு வெளியே வருகிறவர்கள்தான் அவளுக்கு வியாபாரம் தருகிறார்கள். அம்மாபேட்டைத் தெருவில் எத்தனை பேர் நடந்தாலும் புதுப் புடவையோடு நடக்கமாட்டார்கள், அதனால் வெறும் ஆள் எண்ணிக்கையை வைத்து இரண்டு இடத்தையும் ஒப்பிடக் கூடாது.

எந்த மாதத்தில் எண்ணுகிறீர்கள் என்பதும் முக்கியம். ஆடியில் தள்ளுபடிக் கூட்டமும் கோட்டை மாரியம்மன் பண்டிகைக் கூட்டமும் சேர்ந்துவிடும். தீபாவளிக்கு முந்தைய மாதம் எந்தக் கடையும் நல்ல கடையாகத்தான் தெரியும். மார்கழியில் கல்யாணத் தையல் இருக்காது. இந்த மூன்றும் இல்லாத ஒரு சாதாரண மாதத்தில் எண்ணுங்கள். அதற்கு நேரம் இல்லையென்றால் போன வருடக் கணக்கு நோட்டை எடுத்து, இந்த மாதம் வருடச் சராசரிக்கு மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்றாவது பாருங்கள்.

விற்பனையை விடுங்கள், கையில் நிற்பதைப் பாருங்கள்

நாலு வாரக் கணக்கில் அக்கா கடையில் 200 பிளவுஸ் தைத்திருந்தார்கள். தையல்காரர் கூலி, நூல், கொக்கி எல்லாம் போக ஒரு பிளவுஸுக்கு 150 ரூபாய் நிற்கும், ஆக 30,000. மேட்சிங் துணி வகையறா 90,000க்கு விற்றது, அதில் நூற்றுக்கு 30 நிற்கும், ஆக 27,000. மொத்தம் 57,000. இதிலிருந்து கரண்டு 2,000, கடையில் உதவிக்கு நிற்கிற பெண்ணின் சம்பளம் 9,000, அப்புறம் வாடகை. பழைய வாடகைக்கு 30,000 மிஞ்சியது, ஓனர் கேட்கிற 22,000 கொடுத்தால் 24,000 மிஞ்சும்.

இப்போது நோட்டில் இருந்த கோடுகளைப் பிரித்தோம். 200 பிளவுஸில் 160 தேடி வந்தவர்களுடையது, 40 மட்டும்தான் வழியில் வந்தவர்களுடையது. மேட்சிங்கில் கதை தலைகீழ். 90,000த்தில் 60,000 வழியில் வந்தவர்கள் வாங்கியது. ஆக வழிப்போக்கர்களால் கையில் நிற்கிற பணம், தையலில் 6,000, துணியில் 18,000, சேர்த்து 24,000.

அக்கா சொன்ன 13,000 மிச்சத்தை இந்த 24,000த்தோடு வைத்துப் பார்க்க வேண்டும். வழியில் வருகிறவர்களில் பாதிக்குக் கொஞ்சம் மேல் குறைந்தாலே மிச்சம் முழுவதும் போய்விடும். உள் தெருவில் நாலில் மூன்று பங்கு குறையும் என்று வைத்தோம், அதுகூடக் குறைத்துச் சொன்னதாகத்தான் எனக்குப் பட்டது. அப்படியானால் 18,000 போகும், 57,000 என்பது 39,000 ஆகும், அதில் கரண்டு, சம்பளம், 9,000 வாடகை போக மிஞ்சுவது 19,000. இருக்கிற இடத்திலேயே 22,000 கொடுத்தாலும் 24,000 மிஞ்சுகிறது.

ஒன்றை மட்டும் மறந்திருந்தோம், அட்வான்ஸ். பழைய இடத்தில் 1,60,000 கிடந்தது, புது இடத்தில் 60,000 போதும் என்றார்கள். மாறினால் ஒரு லட்சம் கைக்கு வரும். அக்கா கடைக்கு வாங்கியிருந்த கடன் ஒன்றரை ரூபாய் வட்டி, அதில் ஒரு லட்சத்தை அடைத்தால் மாதம் 1,500 மிச்சம். ஆகவே 19,000 என்பது 20,500. அப்போதும் இருப்பதே மேல். ஓனர் கூடுதலாகக் கேட்ட 40,000ம் இதே கணக்கில் மாதம் 600 ரூபாய் வாடகை ஏற்றியது போலத்தான். அட்வான்ஸ் திரும்ப வருகிற பணம்தானே என்று யாராவது சொன்னால் இந்த வட்டிக் கணக்கைக் காட்டுங்கள்.

அதே கடையைத்தான் நடத்தப் போகிறீர்களா?

இந்த இடத்தில் அக்கா ஒரு கேள்வி கேட்டாள், நான் யோசித்தே பார்க்காத கேள்வி. "அங்க போயிட்டா நான் எதுக்குடா மேட்சிங் விக்கணும்?"

சரி என்று கணக்கை மறுபடி போட்டோம். உள் தெருவில் தையல் கடையாக மட்டும் நடத்தினால், தேடி வருகிற 160 பிளவுஸும் வழியில் ஒரு பத்தும், 170. அதற்கு 25,500. தைக்க வருகிறவர்களுக்கு மட்டும் லைனிங், ஃபால்ஸ் வைத்துக்கொண்டால், மேட்சிங்கில் தேடி வந்தவர்கள் வாங்கிய மீதி 30,000 விற்பனை நிற்கும், அதில் 9,000. மொத்தம் 34,500. துணி எடுத்துக் காட்ட ஆள் வேண்டியதில்லை, உதவிக்கு நின்ற பெண்ணின் சம்பளம் மிச்சம். வாடகையும் கரண்டும் 11,000 போக 23,500, வட்டி மிச்சம் 1,500 சேர்த்து 25,000. அதாவது 22,000 வாடகை கொடுத்து இங்கே இருப்பதைவிட ஆயிரம் ரூபாய் அதிகம், ரேக்கில் தூங்குகிற மூன்று லட்சத்து ஸ்டாக்கும் கரைந்து காசாகும்.

ஆக, உள் தெரு நல்லதா கெட்டதா என்பது அங்கே எந்தக் கடையைக் கொண்டுபோகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஆர்டர் வேலை, ரிப்பேர், அளவெடுத்துச் செய்வது, மொத்தமாக அனுப்புவது, இவையெல்லாம் உள்ளே போகலாம். செவ்வாய்பேட்டைப் பக்கம் கொலுசுப் பட்டறைகள் சந்துக்குள்ளேயே இருந்துகொண்டு வேலை செய்வதைப் பார்த்திருப்பீர்கள், அவர்களுக்கு வேலை கொடுக்கிறவர்களுக்கு வழி தெரியும். பார்த்ததும் வாங்குகிற பொருளை உள்ளே கொண்டுபோனால் என் ஜெராக்ஸ் கதைதான்.

இன்னொரு பக்கமும் உண்டு. தேடி வருகிறவர்களில் ஒரு இருபது பேரிடம் அக்கா, "முதல்ல நம்ம கடை எப்படித் தெரிஞ்சுது?" என்று பேச்சுவாக்கில் கேட்டாள். பாதிக்கு மேல் "புடவை எடுக்க வந்தப்ப போர்டைப் பார்த்தேன்" என்றுதான் சொன்னார்கள். இன்றைக்குத் தேடி வருகிறவர் என்றைக்கோ வழியில் வந்தவர். உள்ளே போனால் முதல் வருடம் 160 நிற்கும். கல்யாணமாகி வேறு ஊருக்குப் போகிறவர்கள், வீடு மாறுகிறவர்கள் போக, அந்த இடத்தை நிரப்பப் புது ஆள் வரும் வழி குறைந்துவிடும். கடை பழையதாக இருந்து, வாய்வழியாகவே ஆள் வருகிறது என்றால் இதைப் பற்றிக் கவலை வேண்டாம். இரண்டு மூன்று வருடக் கடை என்றால் இது பெரிய விஷயம்.

புது இடத்தைப் போய்ப் பார்க்கும்போது

தேடி வருகிறவர்கள் எங்கிருந்து வருகிறார்கள் என்று பில் புத்தகத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். அக்காவின் ஆட்களில் பெரும்பாதி அம்மாபேட்டை, பொன்னம்மாபேட்டை, கிச்சிப்பாளையம். அவர்களுக்கு அம்மாபேட்டை இடம் இன்னும் பக்கம். அதே 9,000க்கு ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் ஒரு மாடி கிடைத்திருந்தால் நான் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன், அவர்கள் ஊரின் இந்தக் கோடியிலிருந்து அங்கே பிளவுஸ் கொடுக்க வரமாட்டார்கள்.

இடத்தைப் பகல் பதினொரு மணிக்கு ஒரு தடவை, இரவு ஏழரைக்கு ஒரு தடவை பாருங்கள். நாங்கள் பகலில் பார்த்தபோது நல்ல தெரு. இரவில் போனால் கடைக்கு நாலு வீடு முன்னால் தெருவிளக்கு எரியவில்லை, திருப்பத்தில் நாய்கள். அக்காவின் வாடிக்கையாளர்கள் வேலை முடிந்து ஆறு மணிக்கு மேல் ஸ்கூட்டியில் வருகிற பெண்கள். இதைக் கவனிக்காமல் விட்டிருந்தால் மாலை வியாபாரம் கைவிட்டுப் போயிருக்கும்.

மின் இணைப்பைக் கட்டாயம் பாருங்கள். உள் தெருக்களில் வீட்டின் முன்னறையை ஷட்டர் போட்டுக் கடையாக்கி, வீட்டு இணைப்பிலிருந்தே ஒயர் இழுத்துக் கொடுப்பது சகஜம். வீட்டுக் கட்டணத்தில் கடை நடத்தினால் ஆய்வுக்கு வரும்போது அபராதம் போடுவார்கள், அதைக் கட்டச் சொல்லி ஓனர் உங்களைத்தான் பார்ப்பார். வணிகக் கட்டண இணைப்பா, பாக்கி ஏதும் நிற்கிறதா என்று இணைப்பு எண்ணை வாங்கிப் பாருங்கள். முன்னால் இருந்தவர் ஏன் போனார் என்று ஓனரிடம் கேட்காதீர்கள், எதிர் டீக்கடையில் கேளுங்கள்.

ஓனரிடம் பேசுவது

கணக்கு கையில் இருந்தால் எதுவரை இறங்கி வரலாம், எங்கே எழுந்துகொள்ளலாம் என்று தெரியும். அக்காவுக்கு அந்தக் கோடு 21,000. அதற்கு மேல் போனால் அம்மாபேட்டையில் தையல் கடை மட்டும் நடத்துவதே மேல்.

நாலு மாதம் முன்னால் பேசச் சொல்வதற்குக் காரணம், கடைசி மாதத்தில் பேசினால் உங்களுக்கு வேறு இடம் தேட நேரமில்லை என்று அவருக்குத் தெரிந்துவிடும். காலை வியாபார நேரத்தில் கல்லாவில் நின்றுகொண்டு பேசாதீர்கள், அவர் வீட்டுக்குப் போங்கள். அக்கா போனபோது, "அண்ணா, ஏழு வருஷமா ஒரு மாசம்கூட அஞ்சாம் தேதி தாண்டினதில்லீங்க, அது உங்களுக்கே தெரியும். என்னால 18,000 முடியும்" என்று ஆரம்பித்தாள். அவர் மார்க்கெட் ரேட் என்று சொன்னார், சொல்லத்தான் செய்வார்.

அவர் பக்கக் கணக்கையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் காலி செய்து, 22,000க்கு ஆள் வர மூன்று மாதம் ஆனால், முதல் வருடத்தில் அவருக்கு வருவது ஒன்பது மாத வாடகை, 1,98,000. நீங்கள் 20,000 கொடுத்து இருந்தால் 2,40,000. இதை மிரட்டலாகச் சொன்னால் எழுந்து போகச் சொல்லிவிடுவார். அக்கா, "அம்மாபேட்டைல ஒரு இடம் பார்த்திருக்கேன், ஆனா மனசு இங்கதான் இருக்கு" என்றதோடு நிறுத்திக்கொண்டாள். மூன்று வாரம் கழித்து 20,000, வருடத்துக்கு நூற்றுக்கு 5 ஏற்றம், அட்வான்ஸ் பழையதே, மூன்று வருடம் என்று முடிந்தது. 20,000 என்றால் கையில் 26,000 மிஞ்சும், அதனால் அக்கா இருந்துவிட்டாள். அடுத்த வருடம் 21,000, அதற்கடுத்து 22,050 ஆகும் என்பதையும் சேர்த்துத்தான் ஒத்துக்கொண்டாள். அதற்குள் தையல் கூலியை ஏற்றியாக வேண்டும்.

எழுத்தில் என்ன இருக்க வேண்டும்

வாய்ப்பேச்சை நம்பாதீர்கள். தமிழ்நாட்டில் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது, அது கடைகளுக்கும் பொருந்தும். ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும், அதற்கான தளம் tenancy.tn.gov.in. வேறு விதமாக இருவரும் ஒத்துக்கொள்ளாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்றும் அதில் இருக்கிறது. ஆனால் நீங்கள் கையெழுத்துப் போடுகிற ஒப்பந்தத்தில் எட்டு மாத அட்வான்ஸ் என்று எழுதியிருந்தால் அப்புறம் மூன்று மாதம் என்று பேச முடியாது.

ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பத்திரப்பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும், அதைத் தவிர்க்கத்தான் எல்லோரும் 11 மாதம் என்று எழுதுகிறார்கள். செலவு மிச்சம்தான், ஆனால் 11 மாதத்தில் மறுபடி 22,000 என்று அவர் ஆரம்பிக்கலாம். உள்ளே ஒன்றரை லட்சத்துக்கு ரேக், கண்ணாடி, லைட் போட்டிருக்கிறவர்கள் மூன்று வருடமாக எழுதிப் பதிவதுதான் நல்லது. பதிவுச் செலவு யார் தலையில் என்று முன்கூட்டியே பேசுங்கள், அக்காவும் ஓனரும் பாதிப் பாதி போட்டுக்கொண்டார்கள்.

வாசகத்தில் நான் பார்க்கச் சொல்வது இரண்டே இடம். ஒன்று, அட்வான்ஸ் எப்போது திரும்ப வரும். சாவி கொடுக்கிற அன்றே என்று எழுதச் சொல்லுங்கள். என் பழைய ஓனர் "அடுத்த ஆள் வந்ததும் தர்றேன்" என்று ஐந்து மாதம் இழுத்தார், கொடுக்கும்போது பெயின்ட் செலவு என்று 12,000 பிடித்துக்கொண்டார். பெயின்ட் பற்றி ஒரு வரி இருந்திருந்தால் அது நடந்திருக்காது. இரண்டாவது, நடுவில் காலி செய்ய வேண்டி வந்தால் எத்தனை மாத நோட்டீஸ், அது இரண்டு பக்கத்துக்கும் ஒன்றா. உங்களுக்கு மூன்று மாதம், அவருக்கு ஒரு மாதம் என்று டைப் அடித்து வைத்திருப்பார்கள், வாசிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

ரெகுலர் ஜிஎஸ்டியில் பதிந்தவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. ஓனர் ஜிஎஸ்டியில் இல்லையென்றால் 2024 அக்டோபர் 10 முதல் கடை வாடகை மீது 18 சதவீதத்தை நீங்களே கட்ட வேண்டும். 22,000க்கு அது 3,960. அதை உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ளலாம் என்றாலும் மாதாமாதம் பணமாகக் கட்டியாக வேண்டும், இரண்டு இடத்தையும் ஒப்பிடும்போது இதையும் போட்டுப் பாருங்கள்.

மாறுவது என்று முடிவானால்

ஆடியிலும் மார்கழியிலும் யாரும் புதுக் கடை திறக்கமாட்டார்கள், காலி இடம் வைத்திருக்கிற ஓனர்கள் அந்த இரண்டு மாதம் கொஞ்சம் இளகித்தான் இருப்பார்கள். ஆடியில் பேசி முடித்து, உள்வேலையைப் பார்த்துக்கொண்டு, ஆவணி ஒன்று முதல் வாடகை என்று கேளுங்கள். கொடுப்பார்கள்.

பழைய ஷட்டரில் புது விலாசத்தை மூன்று மாதம் ஒட்டிவைக்க அனுமதி வாங்குங்கள், காலி செய்கிற கடிதத்திலேயே அதை எழுதிவிடுங்கள், அடுத்து வருகிறவர் முதல் நாளே கிழித்துவிடாமல் இருக்க. பக்கத்துக் கடைக்காரரிடம் நூறு விசிட்டிங் கார்டு கொடுத்து வையுங்கள். போன் நம்பரை எக்காரணம் கொண்டும் மாற்றாதீர்கள். தையல் கடையாக இருந்தால் இன்னொரு வேலையும் உண்டு, மாறுவதற்கு முந்தைய மூன்று வாரத்தில் வாங்குகிற பிளவுஸ்களுக்கெல்லாம் டெலிவரி தேதியைப் புது இடத்தில் வருகிற மாதிரி போடுங்கள். துணி உங்களிடம் இருக்கிறது, அவர்கள் ஒரு தடவையாவது அங்கே வந்தே ஆக வேண்டும், வழியும் தெரிந்துவிடும். ஜிஎஸ்டி இருந்தால் 15 நாளுக்குள் விலாசத்தை மாற்றிவிடுங்கள், மாநகராட்சித் தொழில் உரிமம் புது விலாசத்துக்குத் தனியாக எடுக்க வேண்டும்.

அப்புறம் அந்த நோட்டை மூடிவிடாதீர்கள். புது இடத்திலும் அதே மாதிரி கோடு போடுங்கள். தேடி வருகிறவர் எண்ணிக்கை மூன்றாவது மாதத்தில் பழைய கணக்கில் பத்துக்கு எட்டுக்குக் கீழே இருந்தால், சொல்லி அனுப்பியது போய்ச் சேரவில்லை என்று அர்த்தம், அன்றைக்கே பில் புத்தகத்தை எடுத்து ஒவ்வொரு நம்பராகப் போன் போட ஆரம்பியுங்கள்.